பார்க்க மட்டும்

"முடியாதும்மா" என்று நவநீதகிருஷ்ணன் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிவகாசியில் எங்கள் அச்சகத்தின் சிஸ்டம் பிரிவு அவர் பொறுப்பு. நான் பொன்மணி, தரம் பார்க்கிறவள்.

கீழே மெஷினில் புஸ்வாணப் பெட்டி லேபிள் ஏறப்போகிறது. டெல்லி பார்ட்டி, எச்சரிக்கையெல்லாம் இந்தியில். எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. டிசைனர்கள் வரிகளைப் படம் மாதிரி வெட்டி ஒட்டுவார்கள். புஸ்வாணத்தில் இருந்த வரி, போன வாரம் அடித்த கம்பி மத்தாப்புப் பெட்டியில் இருந்த அதே வரி. மத்தாப்பைக் கையில் பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். புஸ்வாணத்தைப் பிடித்தால்? யார் பெற்ற பிள்ளையோ, விரல் போய்விடுமே!

"பார்ட்டி கையெழுத்துப் போட்ட புரூபைக் காட்டு, நிறுத்துறேன்" என்றார் மெஷின் போர்மேன் மொக்கைச்சாமி. "சும்மா சந்தேகத்துக்கெல்லாம் சீசன்ல நிறுத்த முடியுமா தாயி? அரை மணி நேரம் பாப்பேன்."

அந்த புரூபின், அதாவது அச்சுக்கு முன் பார்ட்டி ஒப்புக்கொண்ட மாதிரித் தாளின், ஸ்கேன் கம்ப்யூட்டரில் பொது டிரைவில் இருக்கிறது. பார்ட்டி போனை எடுக்கவில்லை. டிசைனர் பாண்டிராஜ் குலசாமி கும்பிடப் போய்விட்டான். வழக்கம்போல அவன் பாஸ்வேர்டைப் போட்டேன். பூட்டியிருந்தது. ஆத்திரத்தில், ‘அவசரம். டிரைவ் முழுவதற்கும் அனுமதி வேண்டும்’ என்று சிஸ்டம் பிரிவுக்கு மெயில் தட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன். அதற்குத்தான் அந்த ‘முடியாதும்மா’.

"முழு டிரைவுன்னா முதலாளி சொல்லணும்" என்றார் நவநீதகிருஷ்ணன். " அவுக சென்னையில இருக்காக. போன மாசம் ஒருத்தர் பாஸ்வேர்டுல இன்னொருத்தர் போயி பைலை அழிச்சிட்டாக. அதான் பூட்டிட்டோம். எந்த போல்டர், எதுக்கு, பாக்கவா மாத்தவா, எம்புட்டு நேரம்னு எழுதுங்க."

"வீடு பத்தி எரியுது, விண்ணப்பம் எழுதச் சொல்றீகளே சார்!"

"எரியுற வீட்டு விலாசத்தத்தான் கேக்கேன்."

சுருக்கென்றது. அங்கேயே உட்கார்ந்து தட்டினேன். ‘பார்ட்டி ஒப்புதல் போல்டர். புஸ்வாண லேபிள். பார்க்க மட்டும், மாற்ற வேண்டாம். இன்று மாலை ஐந்து வரை. காரணம்: எச்சரிக்கை வரி மாறியிருக்கலாம் என்று சந்தேகம். ஒப்புதல் புரூபோடு ஒப்பிடாமல் அச்சேறினால் வெடி வாங்குகிறவர் கை போகும்.’ நகல் எங்கள் மேலாளர் காசிராஜனுக்கு. ‘சரி, கொடுங்கள்’ என்று அவர் பதில் வந்தது. அடுத்த நிமிடமே நவநீதகிருஷ்ணன் திறந்துவிட்டார்.

புரூபைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு படியில் விழுந்தடித்து ஓடினேன். மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது.

மொக்கைச்சாமி புரூபையும் அச்சேறிய லேபிளையும் பக்கத்தில் வைத்து விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அது வேறு வரி, இது வேறு வரி. சிவப்புப் பொத்தானை ஓங்கி அமுக்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்லவேளை சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "போன சீசன்லயும் இந்தி லேபிள் அடிச்சோமே தாயி. அத யாரு பாத்தா?"

மறுபடியும் மாடி ஏறினேன். போன வருட போல்டர், பார்க்க மட்டும். காரணம் என்ற இடத்தில், ‘போன சீசன் இந்தி லேபிளை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, பெட்டிகள் விற்றுப் போய்விட்டன’ என்று தட்டினேன்.