ஏழு முதல் நாலு வரை

வெள்ளத்துரை அண்ணாச்சி எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார். பின்பக்கம் காலியாக இருந்தால் அதில் விஷயம் கிடையாது என்பது அவர் கட்சி. ரேகா அதைத் தெரிந்துதான் இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள். வேறு வழியில்லாமல் அண்ணாச்சி கண்ணாடியைத் தேடி எடுத்தார்.

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் அவருக்குக் கம்பிக் கிடங்கு. அங்கே லாரிகளை எடை போட்டு, பில் அடித்து அனுப்புவது ஐந்து வருடமாக ரேகாவின் வேலை. காலை பத்து முதல் இரவு ஏழு வரை. அதை ஏழு முதல் நாலு வரை மாற்றித் தரவேண்டும், ஒரு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு முடிவு சொன்னால் போதும் என்று எழுதியிருந்தாள்.

மகள் ஜோதிகாவுக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காத பிள்ளை; போன வருடம்தான் காதுக்கு மிஷின் வைத்தார்கள். டோல்கேட் பக்கம் மாலை ஐந்து மணிக்குப் பேச்சுப் பயிற்சி. பெற்றவள் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டு போய் வீட்டில் சொல்லித்தர வேண்டும். அதில் ஆறு நாள் ஏற்கெனவே தவறிவிட்டது. இன்னும் மூன்று நாள் தவறினால் அந்த இடம் வேறு பிள்ளைக்கு. புருஷன் திருமுருகன் விசைப்படகில் ஏறினால் பத்து நாள் கடலில். மாமியார் பச்சையம்மா காலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள், மாலையில் மீன் விற்கப் போய்விடுவாள்.

"சாயங்காலம்தானம்மா பெரிய வண்டி லோடு ஏறுது. நீ நாலு மணிக்குக் கெளம்பிட்டா யாரு நிறுப்பா?" என்றார் அண்ணாச்சி.

"தாளுக்குப் பின்னால எழுதிக்கீறேன் அண்ணாச்சி."

போன மாதம் வந்த வெளியூர் லாரிகள் நாற்பத்திரண்டு. அதில் முப்பத்தொன்று விடியும்போதே வாசலில் நின்றவை. பத்து மணிக்கு ஆபீஸ் திறந்ததும் உள்ளூர் சின்ன வண்டிகள் முந்திக்கொள்ளும். பெரிய வண்டிகளுக்கு முறை வர சாயங்காலம் ஆகிவிடும். இத்தனை வருடம் சாயங்காலம்தான் லோடு நேரம் என்று எல்லாரும் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள், பாவம்.

"ஏழு மணிக்கு கிரேன் ஓட்ட பீம்ராவ் ஒத்துக்கினாரு. நாலுக்கு மேல வர்ற ஒண்ணு ரெண்ட சாலமோன் பாத்துக்குவாரு. நா போறதுக்கு முன்னால நிக்கிற வண்டிக்கெல்லாம், வெறும் வண்டியா நிறுத்து, காலி எடை போட்டு வச்சிடுவேன்."

கணக்குப் பார்க்கும் சாலமோன் முணுமுணுத்தான். ஆனாலும் தலையாட்டினான். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் அண்ணாச்சி.

முதல் வாரம் ஒரு வம்பும் இல்லை. இரண்டாவது வாரம், வியாழக்கிழமை, பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"ஏம்மா, சாலமோன் லோடு ஏத்தி நிறுத்துட்டான். காலி எடை தெரியலங்கான். வண்டி எடை தெரியாம கம்பி எடை எப்படிக் கழிக்க? ஒரு ஆட்டோ பிடிச்சு வந்துட்டுப் போ."

 எழுந்து போனால் இன்றைய வகுப்பு போச்சு. அதைவிட மோசம், நாளைக்கும் கூப்பிடுவார்கள்.

"வரமாட்டேன் அண்ணாச்சி. வண்டி நம்பர சொல்லுங்க."

சொன்னார்.

"மூணு இருபதுக்கு காலி எடை போட்டாச்சி. எடைமேடை ஜன்னல் கம்பில சீட்டு குத்திக் கீது, பாருங்க."

அவர் போனோடு நடக்கும் சத்தம் கேட்டது. நடுவில் லாரி ஒன்று காது கிழிய ஹாரன் அடித்தது. ஜோதிகா கையிலிருந்த பொம்மையைப் போட்டுவிட்டு, போன் பக்கம் திரும்பி, "லாயி" என்றாள்.

யாரும் சொல்லாமல், தானாகக் கேட்டு, தானாகச் சொன்ன முதல் சொல். பயிற்சி டீச்சர் ஹில்டா பென்சிலைக் கீழே வைத்தாள். ரேகாவுக்கு அழுகை வந்தது. அடக்கவும் தோன்றவில்லை.

"யாரும்மா அது?"

"எம் பொண்ணு. லாரின்னு சொல்றா."

சீட்டை உருவும் சத்தம் கேட்டது. பிறகு, "சீட்டு இருக்கு," என்று வைத்துவிட்டார்.

மாதம் முடிந்த அன்று ரேகா புதுத் தாளோடு போய் நின்றாள். அண்ணாச்சி வாங்கவே இல்லை.

"இருக்கட்டும்மா. அந்தப் பிள்ள குரலக் கேட்டேன்ல. உன் இஷ்டப்படியே வந்துட்டுப் போ."

சரி என்று ஓடியிருக்கலாம். ரேகாவுக்குக் கோபம்தான் வந்தது. இரக்கப்பட்டுக் கொடுப்பவர் எரிச்சல் வந்த அன்று பிடுங்கிக்கொள்வார். அப்போது பிள்ளையின் இடமும் போகும்.

"பாவம்னு குடுக்காதீங்க அண்ணாச்சி. படிச்சிட்டுக் குடுங்க. சரிப்படலன்னா வோணாம்னு சொல்லுங்க."

அவர் முறைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். இந்த மாதம் வெளியூர் லாரிகள் நாற்பத்தைந்து. சாயங்காலம் வரை காத்துக்கிடந்தவை நாலு. காலி எடை சீட்டு எங்கே என்று தேடிய தடவை ஒன்று. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தாள்.

வழக்கம்போலத் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"ஒண்ணும் எழுதலையே?"

"அது உங்களுக்கு வுட்டது அண்ணாச்சி."

அவர் பேனாவைத் திறந்தார். ரேகா வேலை நேரம் காலை ஏழு முதல் மாலை நாலு வரை, இனி இதுவே நடைமுறை என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்து நீட்டினார். ரேகா அதை வாங்கி, ஒரு நகல் எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. வாசலில் நின்ற கடைசி வண்டிக்குக் காலி எடை போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.