கிளம்புறதுன்னா எத்தனை வேலை

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த டீச்சரம்மாவால் தன் வீட்டுக்காரருக்கு மட்டும் கற்றுக்கொடுக்க முடியவில்லை. டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரே இருக்கும் பஞ்சர் கடைக்காரர் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். டீச்சரம்மா காதில் விழுகிற மாதிரிதான் சொல்வார். அப்படி ஒரு நல்ல மனசு அவருக்கு.

வீட்டுக்காரர் ஒரு பெரிய சரக்குக் கிட்டங்கியில் கணக்கு எழுதுபவர். ஐம்பதைத் தாண்டியாயிற்று. வெளியூர்க் கிட்டங்கிகளைப் போய்ப் பார்த்து வரும் வேலை ஒன்று காலியாகியிருந்தது. அந்த மூலை நாற்காலியை விட்டு எழுந்து நாலு இடம் பார்த்து வரணும் என்று மனுஷர் வருஷக்கணக்காக ஏங்கிய வேலை. முதலாளி சரி என்று சொல்லிவிட்டார், ஒரே நிபந்தனையோடு. மாசக் கடைசிக்குள் லைசென்ஸ் வேண்டும். இவர் ஏற்கெனவே இரண்டு முறை டெஸ்டில் கோட்டை விட்டிருந்தார்.

டீச்சரம்மா பாடம் எடுக்கிற அழகைச் சொல்ல வேண்டும். வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிடுவார். கிளட்சை மிதிங்க, ஃபர்ஸ்ட் போடுங்க, கண்ணாடியைப் பாருங்க, இண்டிகேட்டர் எங்கே, ஹேண்ட்பிரேக்கை எடுங்க, ஐயோ கிளட்சை மெதுவா விடுங்க, ஆக்ஸிலேட்டர், ஆக்ஸிலேட்டர், அந்த நாயைப் பாருங்க. வீட்டுக்காரர் நாயைப் பார்ப்பார். வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடும். நாய் இவர்களைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகும்.

மற்றவர்களுக்கெல்லாம் இதே பாடம்தான், அவர்கள் கற்றுக்கொண்டு போய்விட்டார்களே என்றுதான் டீச்சரம்மாவுக்கு எரிச்சல். ஒரு விஷயம் அவருக்கு உறைக்கவில்லை. வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் வருஷக்கணக்காக பைக் ஓட்டியவர்கள். கியரும் கிளட்சும் கண்ணாடியும் சாலையும் அவர்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி. புதுசாக அவர்கள் தலையில் ஏற்ற வேண்டியது கொஞ்சம்தான். வீட்டுக்காரரோ பிறந்ததிலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர். அவருக்கு எல்லாமே புதுசு.

ஒரு நாள் வண்டி நடுச் சந்திப்பில் நின்று, பின்னாலிருந்து ஆளாளுக்கு ஹாரன் அடிக்க, அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விட்டுடு. எனக்கு மண்டையில ஏறாது. நான் கொஞ்சம் மந்தம்தான் போல."

பக்கம் பக்கமான கணக்கை மனசிலேயே கூட்டுகிற மனுஷர் தன்னை மந்தம் என்கிறார், அதையும் சண்டையாகச் சொல்லாமல் சாதாரணமாகச் சொல்கிறார். லைசென்ஸ் போனால் போகட்டும், இந்த நினைப்பு அவர் மனசில் தங்கிவிடக் கூடாதே என்று டீச்சரம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. முதலில் வண்டியை ஓரங்கட்டுங்க, இண்டிகேட்டர் போடுங்க, கண்ணாடியைப் பாருங்க என்று தொடங்கிவிட்டார்.

மறுநாள் வீட்டுக்காரருக்கு கிளட்ச் மிதித்து மிதித்துக் காலில் சுளுக்கு. அந்த வீட்டில் சமையல் அவர் வேலை. டீச்சரம்மாவுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கத் தெரியும், அதுவும் சுமாராக. இன்றைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெத்தாக அடுப்படிக்குள் நுழைந்தார். வீட்டுக்காரர் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தபடி வழி சொன்னார்.

ஒண்ணுமில்லை, ரொம்பச் சுலபம் என்றுதான் ஆரம்பித்தார். எண்ணெய் காய்ந்ததும் வெங்காயத்தைப் போடு, அது நிறம் மாறுவதற்குள் தக்காளியை நறுக்கிடு, அந்தப் பக்கம் அரிசி பொங்கும், தீயைக் குறை, உப்பு இப்போ வேண்டாம், காய் வெந்தப்புறம், மூடியைத் திற, கிளறு, அதில்லை, அந்தக் கரண்டி.

டீச்சரம்மா ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் தக்காளியுமாகச் சிலை மாதிரி நின்றார். உப்பு போடச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா? எந்தத் தீ? வெங்காயம் கருகியது. அரிசி பொங்கி அடுப்பை அணைத்தது. கூடத்திலிருந்து, ஒரே ஒரு வேலைதானேம்மா சொன்னேன், காயை வதக்கச் சொன்னேன், என்று குரல் வந்தது.

டீச்சரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே ஒரே வேலை. செய்து செய்து எல்லாம் ஒட்டி ஒரு கட்டாகிவிட்டது, கட்டைத் தூக்கினால் போதும். தனக்கோ ஒவ்வொன்றும் தனித்தனி. நாலைந்து கைக்கு வந்ததுமே மற்றதெல்லாம் நழுவுகிறது. "கிளம்புங்க" என்று தான் சொல்லும்போது அவருக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்? அடப் பாவி, இத்தனை நாள் இதைத்தானே செய்துகொண்டிருந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டார், கரண்டியாலேயே.

கால் சரியானதும் காலி மைதானத்துக்குக் கூட்டிப் போனார். சமதரை, ஆள் நடமாட்டம் கிடையாது. கியரை டீச்சரம்மாவே போட்டுக் கொடுத்தார். உங்களுக்கு கிளட்ச் மட்டும்தான் வேலை, வண்டி லேசாக நடுங்கி எஞ்சின் சத்தம் கம்முகிற இடத்தைக் காலால் கண்டுபிடியுங்க, வேறெதுவும் வேண்டாம் என்றார். பொழுதுக்கும் அதுதான். வண்டி ஆமை வேகத்தில் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. பிறகு ஒரு நாள் எஞ்சினை அணைத்துவிட்டு கியர் மட்டும். இன்னொரு நாள் கண்ணாடி மட்டும். அவர் முகத்தில் தெளிவு வந்தது. டீச்சரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் சாலைக்குக் கூட்டிப் போனதுதான் தப்பு. அவர் கண்ணாடி பார்க்க வேண்டியதை நினைத்தார். வண்டியை நடுரோட்டில் நிறுத்தினார். கண்ணாடியை நிதானமாக, முறையாகப் பார்த்தார். பிறகு கியரை நினைத்தார். பின்னால் வந்த லாரிக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பஞ்சர் கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்து கை தட்டினார்.

துண்டு போட்டால் போதாது, ஒட்டவும் வைக்கணும் என்று அப்போதுதான் டீச்சரம்மாவுக்குப் புரிந்தது. மறுபடியும் மைதானம். கிளட்சும் கியரும் சேர்ந்து ஒன்று. அது யோசிக்காமல் கால் போகிற அளவுக்கு வந்த பிறகு, கண்ணாடியும் இண்டிகேட்டரும் சேர்ந்து இன்னொன்று. அதுவும் படிந்த பிறகுதான் இரண்டையும் ஹேண்ட்பிரேக்கோடு சேர்த்து, "கிளம்புறது" என்று ஒரே பேர் வைத்தார். அப்புறம் காலியான தெரு, அப்புறம் கடைத்தெரு. ஒரு காலைப் பொழுது, வீட்டுக்காரர் கடைத்தெருவில் திரும்பிக்கொண்டே வெங்காய விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தான் கியர் மாற்றியதே அவருக்குத் தெரியவில்லை. டீச்சரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டெஸ்டுக்கு டீச்சரம்மாவை வண்டியில் ஏற்றவில்லை. வாசலில் நின்று நகத்தைக் கடித்தார். வீட்டுக்காரர் இறங்கி வந்து, பாஸ் என்று மட்டும் சொன்னார். சிரிக்கக்கூட மறந்துவிட்டார். டீச்சரம்மா அத்தனை பேர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

திரும்பும்போது வீட்டுக்காரரே ஓட்ட உட்கார்ந்தார். பழக்கதோஷம் விடுமா? கண்ணாடியைப் பாருங்க, அந்தச் சைக்கிளைப் பாருங்க, ஃபர்ஸ்ட் விழுந்துதா, மெதுவா, மெதுவா என்று டீச்சரம்மா தொடங்கிவிட்டார். வீட்டுக்காரர் வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, இவர் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு சொல்லு. ஒரே ஒண்ணு."

டீச்சரம்மா வாயைத் திறந்தார், மூடினார். சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. எதைச் சொல்ல, எதை விட?

"வீட்டுக்குப் போங்க," என்றார்.

வீட்டுக்காரர் சரி என்று கிளம்பினார். வீடு வரைக்கும் டீச்சரம்மா பேசவே இல்லை. பஞ்சர் கடையைத் தாண்டும்போது மட்டும், யாரும் சொல்லாமலேயே வீட்டுக்காரர் ஒரு ஹாரன் அடித்தார்.