இன்று யார் அம்மா

மழலையர் பள்ளியில் பொம்மைகள் காணாமல் போகின்றன என்ற சந்தேகம் டிக்கெட் பரிசோதகருக்கு மூன்று வாரமாக இருந்தது. சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். தினமும் நானூறு முகங்களைப் பார்த்து, எதில் பொய் இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிற வேலை. மகளை அங்கே சேர்த்தபோது எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன: இரண்டு வாளி, இரண்டு வண்டி, இரண்டு பொம்மைக் குழந்தை. இப்போது எட்டிப் பார்த்தால் ஒரு வண்டி. புதிதாக நீளமான ஒரு பலகை. அலமாரிக்குப் பூட்டு.

பொம்மையைக்கூட விட்டுவிடலாம். அவர் மகள் சிட்டுவுக்கு இன்னும் நான்கு வயது முடியவில்லை. ஐந்து மாதத்துக்கு முன் அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தாள். அம்மா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று பரிசோதகர் சொல்லி வைத்திருந்தார். அந்தக் கதை இவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததே அவருக்கு ஆச்சரியம். ஆனால் நேற்று இரவுச் சாப்பாட்டின்போது சிட்டு தட்டைப் பார்த்தபடியே, "செத்தவங்க சாப்பிட மாட்டாங்கல்ல?" என்றாள். யார் சொன்னது என்று கேட்டதற்கு, பள்ளியில் விளையாடினோம் என்று பதில்.

யாரோ வாயைத் திறந்திருக்கிறார்கள். டீச்சராகத்தான் இருக்கும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்வதாக எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார்.

டீச்சர் அசரவில்லை. மேசையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு பிள்ளையையும் நாளுக்குப் பத்துத் தடவை, தடவைக்கு ஒரு நிமிடம் பார்த்து, என்ன செய்கிறது என்று குறித்து வைப்பது அவர் வழக்கம். சிட்டுவின் காகிதத்தில் முதல் மாதம் முழுக்கத் தனியாக விளையாட்டு. அடுத்து மூன்று வாரம், மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சும்மா உக்காந்திருந்தாளா? நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?" என்றார் பரிசோதகர்.

"சும்மா இல்ல சார். அவங்க ஆஸ்பத்திரி விளையாட்ட வெச்ச கண்ணு வாங்காம பாத்தா. எப்படி உள்ள போறதுன்னு கணக்குப் போடற நேரம் அது. நான் தள்ளி விட்டிருந்தா மறுபடி மூலைக்குப் போயிருப்பா."

அதற்குப் பிறகு சிட்டு, பட்டாணி என்கிற பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இவள் வாளி இவளுக்கு, அவள் வாளி அவளுக்கு; பேச்சு கிடையாது. ஒன்றுக்காக இரண்டு பேர் மல்லுக்கட்டக் கூடாதென்றுதான் எல்லாம் இரண்டிரண்டாம். பிறகு வாளி மூடியைக் கடன் கேட்கவும், அவள் செய்வதை இவளும் செய்யவும் ஆரம்பித்தார்கள். அப்போதுதான் டீச்சர் இரண்டில் ஒன்றை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பலகையை ஒருத்தியால் தூக்க முடியாது. தூக்க வேண்டுமென்றால் பேசித்தான் ஆக வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. திருட்டுப் பயணிகள் சொல்லும் காரணங்களும் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

"சாவப் பத்தி அவகிட்ட யார் பேசினது?"

"நான் பேசல. அவ கேக்கவும் இல்ல. நீங்களே பாருங்க."

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தார். இரண்டு பெண்களும் பலகையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கி, இரண்டு நாற்காலிகளில் வைத்தார்கள். பட்டாணி ஒரு மரக்கட்டையைக் காதில் வைத்து, யாருடனோ கண்டிப்பாகப் பேசினாள்.

"நாந்தான் டாக்டர்," என்றாள் பட்டாணி.

"நேத்தும் நீதான். இன்னைக்கு நீ அம்மா. படு."

பட்டாணி முனகிக்கொண்டே படுத்தாள். மூக்கு அரித்தது போல. கை பாதி வரை வந்தது.

"செத்தவங்க சொறியக் கூடாது," என்றாள் சிட்டு.

கை கீழே போனது. மற்ற நேரத்தில் ஒரு நிமிடம் நிற்காத அந்த வால், விளையாட்டில் ஒத்துக்கொண்ட ஒரே காரணத்துக்காகக் கட்டை மாதிரி கிடந்தது. "எவ்ளோ நேரம்டி?" என்று உதடு மட்டும் அசைந்தது. பத்து எண்ணும் வரை என்றாள் சிட்டு. அது ரொம்ப ஜாஸ்தி, ஐந்துதான் என்றது பிணம். ஏழுக்குப் பேசி முடித்தார்கள்.

பரிசோதகர் கதவைத் தள்ளினார். கேட்டுவிட வேண்டும், யார் சொன்னது என்று. சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஓடி வரவில்லை.

"அப்பா, நீங்க வெளிய நில்லுங்க. உள்ள விட மாட்டாங்க. அந்த நர்ஸ் சொன்னாங்கல்ல?"

அன்று வார்டு வாசலில் நர்ஸ் அப்படித்தான் சொன்னாள். அதன்பின் நடைபாதையில் அவர் சுவரைப் பார்த்து அழுதபோது சிட்டு தோளில்தான் இருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்திருந்தார். இதுவரை யாரும் அவளிடம் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆளும் சொல்லவில்லை.

அவர் நிலைப்படிக்கு வெளியே வந்து நின்றார்.

"டாக்டரம்மா, எப்ப கூப்பிடுவீங்க?"

சிட்டு குனிந்து பட்டாணியின் காதில் ஏதோ கேட்டாள். இருவரும் வெகுநேரம் குசுகுசுத்தார்கள்.

"இன்னும் பேசிட்டிருக்கோம்," என்றாள் சிட்டு. "அழுதுகிட்டு நில்லுங்க."