கடிதத்தின் மூன்றாவது அம்சம்

மருதாசலத்துக்கு அந்தக் கிணற்றை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. செத்த நாயைக் கிணற்றில் போட்டிருந்தார்கள். போட்டது நீ, இல்லை நீ என்று வெள்ளியங்கிரியும் அவருடைய செத்துப்போன தம்பியின் மனைவி சென்னியம்மாளும் முன்சீப் கோர்ட் வரைக்கும் போயிருந்தார்கள். நாமக்கல்லில் முப்பது வருஷம் வக்கீலாக இருந்து ஓய்ந்த மனுஷர் மருதாசலம். பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்று இரு தரப்பும் வாய்தா வாங்கிக்கொண்டு, அவரை மத்தியஸ்தம் செய்ய அழைத்தார்கள்.

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், வெள்ளியங்கிரியின் வீட்டிலேயே முதல் பேச்சு நடந்தது. கணவனின் அண்ணன் எதிரில் பெண் உட்கார்ந்து பேசும் வழக்கம் அங்கே இல்லை. சென்னியம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய அண்ணன் சின்னுசாமி உள்ளே போவான், வருவான், "ஒத்துக்கறாளாமுங்க" என்பான். மருதாசலம் குறித்துக்கொள்வார்.

மறுநாள் அவர் எழுதிய கடிதம் இரண்டு பிரதியாகத் தபாலில் போயிற்று. வழக்கமான நேர்த்தி.

"இரு தரப்பும் ஒத்துக்கொண்டவை: ஒன்று, கிணறு பொது. இரண்டு, இனி யாரும் அதில் எதையும் போடுவதில்லை. மூன்று, கிணற்றின் மேற்குப் பக்கத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையைச் சென்னியம்மாள் விட்டுக்கொடுத்து, மூத்தவர் இறைத்து முடித்தபின் கிழக்குக் கவலையில் மாடு கட்டிக்கொள்வது. வெள்ளியங்கிரி செய்ய வேண்டியது: நாயை எடுத்து, கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தல். சென்னியம்மாள் செய்ய வேண்டியது: பாகப்பத்திரத்தைத் தேடிக் கொண்டுவருதல். அடுத்த பேச்சு இருபதாம் தேதி. இது தீர்ப்பல்ல. பிழை இருந்தால் எட்டு நாளைக்குள் எனக்குத் தெரிவிக்கவும்."

கடிதம் கிடைத்த ஏழாம் நாள் மத்தியானம் சென்னியம்மாள் அந்தக் கடிதத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகமெல்லாம் புழுதி.

"ஏனுங்க, நா எப்பங்க ஒத்துக்கிட்டேன்? கவலைய உட்டுக் குடுத்தா என்ர வெத்தலக் கொடிக்காலுக்குத் தண்ணி எங்கெருந்துங்க வரும்? மூத்தவரு காட்டு வெள்ளாமைக்குப் பாஞ்சு முடியறதுக்குள்ள பொழுதே எறங்கிருமுங்க."

"உங்க அண்ணன்தானம்மா வந்து சொன்னார்."

"எங்கண்ணனா? அவன் மகள மூத்தவரு ஊட்டுக்குக் கட்டிக்குடுக்கப் பேசிட்டு இருக்கறானுங்க. என்னைய ஒரு வார்த்த கேக்கவே இல்லீங்க. கதவுக்குப் பொறகால வந்து நின்னு, கொஞ்சம் இருமிட்டுப் போவான். கடுதாசி வந்த அன்னிக்கே மூத்தவரு என்ர கவலையோட உருளையக் கழட்டிப் போட்டுட்டாருங்க. எங்கண்ணங்கிட்டச் சொன்னா, எட்டு நாள் கெடு இருக்குது, நானே எழுதிப் போடறேன்னான். எழுதவே இல்லீங்க."

மருதாசலத்துக்குக் கோபம் வந்தது. சின்னுசாமியின் மேல் மட்டுமல்ல. கதவு ரெண்டடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்க அவருக்கு என்ன கேடு? அவள் குரலையே கேட்காமல் "ஒத்துக்கொண்டவை" என்று மணிமணியாக எழுதிய தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

உடனே இன்னொரு கடிதம் எழுதினார். "மூன்றாவது அம்சம் என் பிழை, சென்னியம்மாள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அது நீக்கப்படுகிறது. அடுத்த பேச்சு வரை இரண்டு கவலைகளும் முன்பிருந்தபடியே நடக்க வேண்டும்." இந்தத் தடவை தபாலை நம்பவில்லை. பிரதிகளை எடுத்துக்கொண்டு அவளோடு பஸ்ஸில் ஏறினார்.

வெள்ளியங்கிரி படித்துப் பார்த்தார். சண்டை போடுவார் என்று நினைத்தால், ரொம்ப மரியாதையாக ஆளைக் கூப்பிட்டு உருளையை மாட்டச் சொன்னார். "நீங்க எழுதுனா நாங்க நடக்கறமுங்க. அப்பவும் நடந்தம், இப்பவும் நடக்கறம். கெணத்தையும் சுத்தம் பண்ணிப்போட்டனுங்க, பாருங்க." பக்கத்தில் சின்னுசாமி வெற்றிலையை மென்றுகொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். அந்தச் சிவந்த வாயைப் பார்க்க மருதாசலத்துக்குச் சகிக்கவில்லை.

அவள் பின்னாலேயே கொடிக்காலுக்குப் போனார். சித்திரை வெயிலில் ஏழு நாள் தண்ணீர் காணாத கொடி. இலைகள் சுருண்டு, தொட்டால் நொறுங்கின. தண்டெல்லாம் காய்ந்து போயிருந்தது. கிணற்றையே கவிழ்த்துக் கொட்டினாலும் இனித் துளிர்க்காது. எட்டு நாள் கெடு என்பது கோர்ட்டுப் பழக்கத்தில் அவர் போட்டது. கொடி எத்தனை நாள் தாங்கும் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

"அம்மா..." என்றார்.

அவள் ஒரு கொடியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துக்கொள்ளாமல், கிணற்றடியில் நின்ற வெள்ளியங்கிரியை நேராகப் பார்த்தபடி, அவருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அடுத்த கடுதாசில மொதல்ல இத எழுதுங்க. கொடி செத்துப் போச்சுன்னு. இத ரெண்டு பேருமே ஒத்துக்குவமுங்க."