அடிக்கோடு இல்லாத டிக்

ஐந்துக்கு இரண்டு. பேப்பரைக் கையில் வாங்கியதும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மிஸ் மேல் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மஹதி மேல்.

எங்கள் ஒன்பதாம் வகுப்பில் தமிழ்நிலா மிஸ் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். திங்கட்கிழமை ஒரு கட்டுரை கொடுப்பார். அதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வீட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். மறுநாள் வகுப்பில் பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிக்கொள்ள வேண்டும். கரும்பலகையின் ஓரத்தில் கேள்விகள் எழுதியிருக்கும். மையக் கருத்து இருக்கிறதா, காரணம் இருக்கிறதா, விளைவு இருக்கிறதா, தீர்வு இருக்கிறதா, கட்டுரையில் இல்லாத சொந்தச் சரக்கு எதுவும் நுழையாமல் இருக்கிறதா. ஆமாம் என்றால் டிக், இல்லை என்றால் பெருக்கல் குறி. விட்டுப்போனதை நாமே எழுதித் தரக் கூடாது, எந்தப் பத்தியில் இருக்கிறது என்று மட்டும் காட்டலாம். எழுதியவர்தான் திருத்த வேண்டும். போன வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை புதுக் கட்டுரை, பரீட்சை, அவரவர் தனியாக.

மஹதி எனக்கு ஒவ்வொரு வாரமும் எல்லாக் கேள்விக்கும் டிக்தான் போட்டாள். நானும் ஆஹா, நம்மை மாதிரி யாருண்டு என்று திரிந்தேன். இப்போது பேப்பர் ஓரத்தில் மிஸ் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: "காரணம் எங்கே?" அதற்கே மூன்று மார்க் போயிருந்தது.

அத்தோடு விடவில்லை. "அடுத்த வெள்ளிக்கிழமையும் யார் மூணுக்குக் கீழ வாங்குறீங்களோ, அவங்க பேர் லிஸ்ட்ல வரும். தினமும் காலையில ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ்" என்றார்.

பள்ளிக்கூடம் இருக்கும் மயிலாப்பூரிலேயே குடியிருப்பவர்களுக்கு ஏழு மணி என்றால் பல் தேய்த்துவிட்டு நடந்து வந்துவிடலாம். நாங்கள் முன்னே அடையாற்றங்கரையில் இருந்தோம். வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்கமான நேரத்துக்கு வருவதற்கே இரண்டு பஸ் மாற வேண்டும். ஏழு மணிக்கு வர வேண்டுமென்றால் இருட்டில் கிளம்ப வேண்டும். நைனா அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார். ஏற்கெனவே அவர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், "பக்கத்துலயே ஸ்கூல் கீது, இன்னாத்துக்கு இவ்ளோ தொலவு போய்க்கினு வந்துக்கினு? டி.சி. வாங்கிடலாம்" என்று. லிஸ்டில் என் பேர் வந்தால் கதை முடிந்தது. வீடு போனது போதாதா, பள்ளிக்கூடமும் போக வேண்டுமா?

சாப்பாட்டு மணி அடித்ததும் மஹதியை வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இன்னாடி, பாவம் பாத்து டிக் போட்டியா? குப்பத்துப் பொண்ணு, மனசு கஷ்டப்படும்னா?"

அவள் கண் படக்கென்று நிறைந்துவிட்டது. "என்னடி பேசற? நான் எதுக்குப் பாவம் பாக்கணும்? எல்லாம் இருந்துது, போட்டேன்."

"எங்க இருந்துச்சு? காட்டு பாக்கலாம்!"

பையிலிருந்து போன வாரத் தாளை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். அடையாறு கடலில் சேரும் இடம் கோடையில் ஏன் அடைத்துக்கொள்கிறது என்பது கட்டுரை. காரணம் என்ற இடத்தில் அவள் போட்ட டிக் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மஹதி படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, இல்லையேடி! முகத்துவாரம் அடைச்சுக்கறது, தண்ணி தேங்கறது, மீன் சாகறது, மிஷின் வெச்சு மணலை அள்ளறா. எல்லாம் இருக்கு. ஏன் அடைச்சுக்கறதுன்னு மட்டும் இல்லை."

"அத்தான் நானும் கேக்குறேன்!"

"ஆனா எனக்குத் தெரிஞ்சுதே. கோடையில ஆத்துல தண்ணி வேகம் கொறைஞ்சுடும், அலை கொண்டுவர மணலைத் தள்ள முடியாம அங்கயே மேடாயிடும்னு…" சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "நிஷா, இதை நீதான் கார்த்தால ஸ்கூல் கேட் கிட்ட நின்னுண்டு சொன்னே."

சொன்னேன்தான். நான் சீக்கிரம் வரும் பஸ்ஸில் வந்து கேட்டில் நிற்பேன். மஹதி வந்ததும் கட்டுரை முழுவதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவேன். அதுவும் அந்த ஆறு எங்கள் ஆறு, கேட்க வேண்டுமா? வாயால் அத்தனையும் சொல்லித் தீர்த்துவிட்டேன். தாளில்தான் எழுதவில்லை.

"உன் தாளைப் படிக்கறச்சே உன் குரல்தான் கேக்கறது. விட்டுப்போனதையும் நீயே சொல்ற மாதிரி இருக்கு. நான் அதுக்கு டிக் போட்டுட்டேன். சத்தியமா பாவம் பாக்கலைடி."

கத்தியதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அப்புறம் அவள் தாளை வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியில், 'ஆற்றங்கரை மக்களை வெளியேற்றியது அநியாயம்' என்று எழுதியிருந்தாள். கட்டுரையில் அப்படி ஒரு வரியே கிடையாது. சொந்தச் சரக்கு. நான் சந்தோஷமாக டிக் போட்டிருந்தேன்.

"நல்ல ஜோடிடி நம்ம" என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

அங்கேயே இரண்டு முடிவு எடுத்தோம். தாள் மாற்றும்வரை கட்டுரையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. டிக் போட வேண்டுமென்றால் அந்த விஷயம் தாளில் இருக்கும் வரிக்குக் கீழே முதலில் பென்சிலால் கோடு போட வேண்டும். கோடு போட வரி இல்லையா, டிக்கும் இல்லை. சொந்தச் சரக்குக் கேள்விக்கு மட்டும் தலைகீழ்: ஒவ்வொரு வரியையும் கட்டுரையில் தேடிக் காட்ட வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கேட்டில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது பெரிய பாடு. புயலில் தெருவோர மரங்கள் ஏன் சாய்கின்றன என்று கட்டுரை, சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. மஹதியோ அவள் பாட்டி போட்ட சண்டையைப் பற்றியே பேசி நேரத்தை ஓட்டினாள்.

வகுப்பில் என் தாள் மேல் அவள் பென்சில் நகர்ந்தது. மையக் கருத்து, கோடு, டிக். காரணம் என்ற இடத்தில் பென்சில் நின்றது. மேலே போனது, கீழே வந்தது. என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பெருக்கல் குறி போட்டு, "மூணாவது பத்தி" என்று பக்கத்தில் எழுதினாள்.

முதலில் காது சூடாகிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நிமிஷமே அப்பாடா என்று இருந்தது. பாவம் பார்ப்பவள் என்றால் இதைப் போட்டிருப்பாளா? மூன்றாவது பத்தியைப் படித்தேன். வேரைச் சுற்றி சிமெண்ட் பூசிவிடுவதால் வேர் பரவ இடமில்லை. இது எனக்குத் தெரியும்தான். தெரிந்தது எல்லாம் தாளில் இருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேன், அதுதான் என் வியாதி.

வெள்ளிக்கிழமை பரீட்சையில் எழுதி முடித்துவிட்டு, மஹதி மாதிரியே பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். காரணத்துக்குக் கோடு போட வரி இல்லை! மணி அடிப்பதற்குள் இரண்டு வரிக்கு நடுவில் அதை நுழைத்து எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை மிஸ் லிஸ்டை வாசித்தார். மஹதி மேசைக்கு அடியில் என் கையை நசுங்கப் பிடித்துக்கொண்டாள். என் பேர் வரவில்லை. அவள் பேரும் வரவில்லை. எனக்கு ஐந்துக்கு நான்கு. அங்கேயே விசில் அடிக்கலாம் போலிருந்தது.

லிஸ்டைப் பற்றி வீட்டில் முன்பே சொல்லியிருந்தேன். அன்று ராத்திரி நைனா ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார், "லிஸ்ட்டுல பேர் கீதா?"

"இல்ல நைனா."

அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். நைனா பேப்பரை வாங்கி விளக்குப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார்.

"சரி, டி.சி. வாணாம்" என்றார் கடைசியில். உடனே அவருக்கே உரிய ஒரு கேள்வி. "ஒரு மார்க்கு எங்க போச்சு?"

"தெரியல நைனா. மிஸ் இந்த வாட்டி ஓரத்துல ஒண்ணும் எழுதல. எனக்குப் படிச்சா எல்லாம் இருக்குற மாதிரியேதான் தெரியுது" என்றேன். "நாளைக்கு ஸ்கூலுக்குப் போய் மஹதியத்தான் கேக்கணும்."