திண்டிவனம், ஜனவரி, அமோனியா

எங்கள் உரக்கடை முதலாளி சக்கரபாணி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: ஜனவரியில் திண்டிவனம் பக்கம் நானூறு மூட்டை அமோனியா உரம் போயிருந்தால் அங்கே ஒரு கிளை திறப்பார், கணக்கெழுத என்னை அனுப்புவார்.

விழுப்புரத்துக் கிடங்கில் எனக்கு விடிவதற்கு முன்னால் வேலை தொடங்கிவிடும். முடிவது கடைசி லாரி போன பிறகு. என் மனைவி இருதயமேரி திண்டிவனத்தில் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்வருவேன். எங்கள் மூன்று வயது மகள் ஜெயம் என்னை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுகிறாள்.

மார்ச்சில், டிசம்பரிலிருந்து மூன்று மாதம் சரக்கு அனுப்பிய சீட்டுகளையெல்லாம் தரையில் கொட்டினேன். முதலில் ஊர்வாரியாகப் பிரித்தேன். செஞ்சியும் அனந்தபுரமும் விழுப்புரமும் ஒரு ஓரமாகப் போயின. மிஞ்சிய திண்டிவனத்தில் ஜனவரியைத் தனியாக எடுத்தேன். அதிலும் சூப்பர் பாஸ்பேட்டையும் புண்ணாக்கையும் விலக்கினேன். ஊர், மாதம், சரக்கு மூன்றும் ஒத்துவந்த சீட்டுகளை மட்டும் கூட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு.

மெனக்கெட்டு இன்னொரு முறை கூட்டினேன். அதே நானூற்றுப் பன்னிரண்டு. பெட்டி கட்டவேண்டியதுதான் என்று மனசு ரயிலேறிவிட்டது.

சீட்டுகளைக் கட்டும்போது ஒன்றில் குத்தியிருந்த லாரி ரசீது கண்ணில் பட்டது. சீட்டில் தை 26. ரசீதில் பிப்ரவரி 8.

திண்டிவனத்து ஏஜெண்டு முத்துசாமி மட்டும் தமிழ்த் தேதிதான் போடுவார். தை என்றால் ஜனவரி என்று நான் பாட்டுக்குச் சேர்த்திருக்கிறேன். தை பதினெட்டோடு ஜனவரி முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் போனது நாற்பத்தைந்து மூட்டை.

மனம் கேட்கவில்லை. டிசம்பர் என்று ஒதுக்கிய மார்கழிக் கட்டைப் பிரித்தேன். மார்கழி பதினேழிலிருந்து ஜனவரிதானே? அதில் இருபத்தாறு மூட்டை அமோனியா. நாற்பத்தைந்தைக் கழித்து இருபத்தாறைச் சேர்த்தேன். முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

ஏழு மூட்டை குறைவு. பழைய கூட்டல் அப்படியே தாளில் இருந்தது. அதைக் கொடுத்தால் யாரும் சீட்டைப் புரட்டப்போவதில்லை. ஆனால் அந்த நாற்பத்தைந்தும் பிப்ரவரியில் போனவை என்பது எனக்குத் தெரியுமே. வெகுநேரம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு 393 என்று எழுதிக் கொடுத்தேன்.

“ஏழு மூட்டையில போச்சேப்பா ராயப்பா,” என்றார் முதலாளி. “என்ன பண்றது, சொன்னது சொன்னதுதான். வர்ற ஜனவரியில பார்த்துக்கலாம்.”

“சரிங்க,” என்றேன். முத்துசாமி மேலும் என் மேலும் ஒரே எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயம் கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். உள்ளே திரும்பி, “அம்மா, மாமா வந்திருக்காரு,” என்றாள்.

வருகிற ஜனவரியில் அவளுக்கு நாலு வயது முடிந்திருக்கும்.