இடது பக்கத்தை மட்டும் படம் பிடித்தவன்

என் தங்கச்சிக்கு மூளை கொஞ்சம் மந்தம் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நான் பதினோரு வருடம், அவள் மூன்று. வெளிநாட்டு முதியோர் இல்லம் ஒன்று எங்களில் ஒரே ஒருவரை எடுக்கப்போகிறது, அந்த நாட்டு மொழியில் வீடியோ நேர்காணல் இருக்கும் என்று நர்சிங் சூப்பரிண்டெண்ட் சொன்னார். நாங்கள் இருவருமே பெயர் கொடுத்தோம். இந்த வார்டிலிருந்து வெளியேற எனக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. வயது வரம்பு அடுத்த வருடத்தோடு முடிகிறது.

ஆறு மாதத்தில் நான் அந்த மொழியில் பதினாலு தொடர் பார்த்து முடித்தேன். கீழே தமிழ் சப்டைட்டில் ஓடும், மேலே துப்பாக்கி வெடிக்கும். காது தானாகப் பழகிவிடும் என்று கேண்டீனில் எல்லோருக்கும் பாடம் எடுத்தேன். என் தங்கச்சி அதே ஆறு மாதத்தில் ஒரே ஒரு தொடரைக்கூட முடிக்கவில்லை. ஜெயில் கதை ஒன்று, ஆஸ்பத்திரிக் கதை ஒன்று, இரண்டிலும் மாறி மாறி நாலு நிமிடம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதலில் எழுத்தே இல்லாமல் பார்ப்பாள். பிறகு அந்த மொழியிலேயே எழுத்தைப் போடுவாள். ஒரு வரி, நிறுத்து. பின்னால் தள்ளு, திரும்பக் கேள், வாய்விட்டுச் சொல். எழுத்தில் ஒன்றும் பேச்சில் வேறொன்றும் இருந்தால் காதில் விழுந்ததைத்தான் நோட்டில் எழுதுவாள். தமிழ் எழுத்து கடைசியில், சரிபார்க்க மட்டும். "அந்த ஜெயிலர் இன்னும் அதே கதவைத்தான் திறந்துக்கிட்டு இருக்கானா?" என்று கேட்டுவிட்டு நான் போவேன். அவள் ரிமோட்டிலிருந்து விரலை எடுக்கமாட்டாள்.

நேர்காணலுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு காட்சியில் தமிழ் சப்டைட்டிலை நிறுத்திப் பார்த்தேன். அய்யோ. வந்தது வெறும் சத்தம். பதினாலு தொடரில் நான் தமிழைத்தான் நன்றாகப் படித்திருக்கிறேன்.

அவள் டியூட்டிக்குப் போனதும் நோட்டை எடுத்தேன். இடது பக்கத்தில் அந்த மொழி வாக்கியம், அடியில் உச்சரிப்பு. வலது பக்கம் முழுக்கத் தமிழில் ஏதோ வம்பளப்பு, யார் யாரிடம் எப்படிச் சொன்னார்கள் என்று. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, கர்மம். இடது பக்கங்களை மட்டும் போனில் படம் பிடித்து நாலு நாளில் நாற்பது வாக்கியத்தை உருப்போட்டேன். அர்த்தம் முக்கால்வாசி ஊகம்தான்.

நேர்காணல் சூப்பரிண்டெண்ட் அறையில். தங்கச்சி கதவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். திரையில் இருந்த அம்மாள் கேள்வியைக் கேட்டுவிட்டு எழுதியும் காட்டினார்; முழு அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது: குளிக்க மறுக்கும் தொண்ணூறு வயதுப் பெரியவரிடம் என்ன சொல்வீர்கள்? எனக்குத் தெரிந்த சொல் ஒன்று கண்ணில் பட்டது, குளியல். நோட்டில் சட்டை கழற்றுவது பற்றி ஒரு வாக்கியம் இருந்ததே. கொஞ்சமும் தடுமாறாமல், அவள் எழுதியிருந்த அதே ஏற்ற இறக்கத்தோடு எடுத்து விட்டேன்.

அந்த அம்மாளின் முகம் மாறியது. மெதுவாக ஏதோ கேட்டார். என் கண் தன்னால் திரையின் அடிப்பக்கம் போயிற்று, எழுத்து வரும் என்று. வரவில்லை. மறுபடியும் கேட்டார். மறுபடியும் அடியைத்தான் பார்த்தேன். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவள் உள்ளே போய் அரைமணி நேரம் இருந்தாள். ஒரு கேள்வி புரியவில்லை என்று திருப்பிக் கேட்டதும், அந்த அம்மாள் சிரித்ததும் கதவு வழியே கேட்டது. வேலை அவளுக்குத்தான்.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. நோட்டை என் முன்னால் வைத்தாள்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன் அண்ணா. வலது பக்கத்தையும் சேர்த்து."

அவள் கிளம்பிப் போய் ஒரு வாரம் அதைத் தொடவில்லை. பிறகு திறந்தேன். இடது பக்கத்தில் என் வாக்கியம். வலது பக்கத்தில் அவள் கையெழுத்து: 'சட்டையைக் கழட்டு, ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன். ஜெயிலர், புதுக் கைதியிடம். மிரட்டல். வார்டில் சொல்லவே கூடாது.'

அதற்கு அடியில் புது மையில் இன்னொரு வரி இருந்தது: 'அண்ணன், தொண்ணூறு வயசுப் பெரியவரிடம்.'